கிரைண்டருக்கு ஒரு மாலை, கம்ப்ரசருக்கு எட்டு மாதம்: நிறுவனங்கள் எப்படி வாங்குகின்றன?

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை மாலை. திண்டுக்கல்லில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். வேடசந்தூர்ப் பக்கம் இருக்கும் ஒரு நூற்பாலையில் அவர் மெயின்டனன்ஸ் மேனேஜர். வெட் கிரைண்டர் வாங்க வந்திருந்தார்கள். மூன்றை ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் குறைவாக இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். கொழுந்தியாள் வீட்டில் அதே கம்பெனி கிரைண்டர் ஆறு வருடமாக ஓடுகிறதாம். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதே வாரத்தில்தான் அவர், கம்ப்ரசர் விற்கும் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, மில் இயந்திரங்களுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் தொல்லை கொடுக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த கம்ப்ரசருக்கான ஆர்டர் என் கைக்கு வந்தது செப்டம்பர் கடைசியில். ஆள் அதே ஆள்தான். மில்லில் மட்டும் ஏன் எட்டு மாதம் என்பதை அந்த ஒரு விற்பனையை வைத்தே படிப்படியாக எழுதுகிறேன். நூற்பாலைக்குப் பதில் மருத்துவமனை, கம்ப்ரசருக்குப் பதில் எக்ஸ்ரே இயந்திரம் என்றாலும் வழி பெரும்பாலும் இதுதான்.

## வேறுபாடு உண்மையில் எங்கே இருக்கிறது

வீட்டில் ஒருவர் முடிவெடுப்பார், நிறுவனத்தில் பலர் முடிவெடுப்பார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி. கிரைண்டர் வாங்கியதிலும் பலர் இருந்தார்கள். பேச்சை எடுத்தவர் மனைவி, கம்பெனியைச் சொன்னவர் கொழுந்தியாள், பணம் கொடுத்தவர் கணவர், தினமும் மாவு அரைக்கப் போகிறவர் மாமியார். தலைகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் பதில் சொல்ல வேண்டிய கடமையில் இருக்கிறது. கிரைண்டர் சரியில்லை என்றால் இரண்டு நாள் வீட்டில் முணுமுணுப்பு கேட்கும், அவ்வளவுதான். கம்ப்ரசர் சரியில்லை என்றால், அடுத்தவர் பணத்தில் அதை வாங்க வைத்த ஒவ்வொருவரிடமும் 'ஏன் இதை வாங்கினாய்?' என்று காகிதத்தோடு கேள்வி வரும். அதனால் நிறுவனத்தில் வாங்குகிறவர், பொருளோடு சேர்த்து அதை வாங்கியதற்கான காரணத்தையும் எழுத்தில் வாங்குகிறார். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கோப்பில் நாலு கையெழுத்து எல்லாமே அந்தக் காரணத்தைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடுகள்.

இன்னொரு வித்தியாசம், தேவை எங்கே பிறக்கிறது என்பது. இட்லி வேண்டும் என்றால் மாவு வேண்டும், மாவுக்குக் கிரைண்டர் வேண்டும். எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். மில்லுக்கோ கம்ப்ரசர் மேல் ஆசை எதுவும் கிடையாது. திருப்பூரில் பனியன் ஆர்டர் இருந்தால் நூல் விற்கும். நூல் விற்றால் இயந்திரங்கள் ஓடும். ஓடினால் காற்று வேண்டும். அந்தச் சங்கிலி எங்கேயாவது அறுந்தால் இந்த முனையில் தேவை காணாமல் போகும். எங்கள் கதையில் ஏப்ரலில் நூல் விலை இறங்கியது, கோப்பு தூங்கிவிட்டது. பதற்றத்தில் நான் விலையை ஐம்பதாயிரம் குறைத்துப் பார்த்தேன், கோப்பு அசையவில்லை. கடையில் ஆடித் தள்ளுபடி கூட்டத்தை இழுக்கும். நூல் விற்காத மில்லில் தள்ளுபடிக்கு வேலையே இல்லை. அந்த ஐம்பதாயிரத்தைப் பிறகு நான் திரும்பக் கேட்கவும் முடியவில்லை.

## படி 1: இது எந்த வகை வாங்கல் என்று பாருங்கள்

நிறுவன வாங்கலை மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் 1967-இல் ராபின்சன், ஃபாரிஸ், விண்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. முதல் தடவையாக வாங்குவது, சில மாற்றங்களோடு மறுபடி வாங்குவது, அப்படியே மறுபடி வாங்குவது. பழைய பிரிப்புதான், ஆனால் களத்தில் இன்றும் கை கொடுக்கிறது.

கம்ப்ரசருக்கு ஆயில், ஃபில்டர் வாங்குவது மூன்றாம் வகை. இருப்பு குறைந்ததும் ஸ்டோர்ஸ் எழுத்தர் சீட்டு போடுவார், பர்ச்சேஸில் ஆர்டர் அடிப்பார்கள், யாரும் யோசிப்பதில்லை. பழைய கம்ப்ரசரை எடுத்துவிட்டு அதே மாதிரி புதியது வைப்பது இரண்டாம் வகை. அதுவரை ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரத்தை மட்டுமே பார்த்த மில், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் இயந்திரத்தை முதல் தடவை வாங்கினால் அது முதல் வகையின் பக்கம் சாய்ந்துவிடும். மூன்றாம் வகையில் இரண்டு பேர் போதும். முதல் வகையில் ஏழெட்டுப் பேர் நுழைந்துவிடுவார்கள், அவர்களில் பாதிப் பேரை நீங்கள் நேரில் பார்க்கவே மாட்டீர்கள்.

நான் செய்த முதல் தவறு இங்கேதான். வேகம் மாறும் இயந்திரத்தை விற்கப் போனேன். ஆனால் பழையதற்குப் பதில் புதியது என்ற எளிய விற்பனையாக அதை நினைத்துக்கொண்டு, மேனேஜர் ஒருவரோடு மட்டும் இரண்டு மாதம் பேசிக்கொண்டிருந்தேன்.

## படி 2: பாத்திரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்

ஒரு வாங்கலில் கை வைக்கிற எல்லோரையும் சேர்த்துக் 'கொள்முதல் மையம்' என்று பாடங்களில் சொல்வார்கள். அது ஓர் அறையும் இல்லை, துறையும் இல்லை. இந்த ஒரு பொருளுக்காகக் கூடி, ஆர்டர் போனதும் கலைந்துவிடுகிற கூட்டம் அது. 1972-இல் வெப்ஸ்டரும் விண்டும் இதற்குள் ஐந்து பாத்திரங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: பயன்படுத்துபவர், செல்வாக்குச் செலுத்துபவர், வாங்குபவர், முடிவெடுப்பவர், வாயில் காப்பவர். தொடங்கி வைப்பவர் என்ற ஆறாவது பாத்திரம் பிறகு சேர்ந்தது. ஒருவரே இரண்டு மூன்று பாத்திரங்களில் இருக்கலாம். ஒரே பாத்திரத்தில் நான்கு பேரும் இருக்கலாம். பதவிப் பெயரை வைத்துப் பாத்திரத்தை ஊகித்தால் ஏமாந்து போவோம்.

தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ஆள், இரண்டாவதில் பாத்திரம், மூன்றாவதில் 'இந்த இயந்திரம் சொதப்பினால் இவரிடம் யார் என்ன கேட்பார்கள்?' மூன்றாவது பத்திதான் முக்கியம். அதை நிரப்ப முடியவில்லை என்றால் அந்த ஆளை உங்களுக்கு இன்னும் தெரியாது என்று பொருள்.

அந்த மில்லில் தொடங்கி வைத்தவர் மேனேஜர் இல்லை. நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர் பகுதியின் மேஸ்திரி. ஆட்டோகோனரில் அறுந்த நூலைக் காற்றுதான் பிணைக்கிறது. பிற்பகல் ஷிஃப்டில் காற்றழுத்தம் இறங்கும், பிணைப்பு பலவீனமாகும், நூல் வாங்கிய இடத்திலிருந்து புகார் வரும். அந்தப் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேஸ்திரி. அவர் கத்தியதால்தான் மேனேஜர் எனக்கு அழைத்தார்.

பயன்படுத்துபவர் கம்ப்ரசர் அறையில் இருக்கும் ஆபரேட்டர். அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. ஆனால் புதிய இயந்திரம் வந்த பிறகு 'இது அடிக்கடி சூடாகிறது' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஆர்டர் போய்விடும். அவருடைய பயம் எளியது: திரையில் வரும் எச்சரிக்கை புரியாமல் இரவு ஷிஃப்டில் தனியாக மாட்டிக்கொள்வது.

செல்வாக்குச் செலுத்தியவர்கள் மூன்று பேர். ஒருவர் மேனேஜர். இன்னொருவர் மில்லுக்கு மின்சார ஆய்வு செய்யும் வெளி ஆலோசகர். மூன்றாமவரைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. பழைய கம்ப்ரசரைப் பன்னிரண்டு வருடமாகச் சர்வீஸ் செய்துவந்த மெக்கானிக் அவர். புது இயந்திரம் வந்தால் அவருடைய பிழைப்பில் ஒரு பகுதி போய்விடும். 'இந்த எலக்ட்ரானிக் சமாச்சாரமெல்லாம் நம் ஊர்த் தூசிக்குத் தாங்காது' என்று ஆபரேட்டரிடமும் மேனேஜரிடமும் அவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பஞ்சுத் தூசி உண்மையிலேயே ஃபில்டரை அடைக்கும் என்பதால் அவர் பேச்சில் பாதி நியாயமும் இருந்தது.

வாயில் காப்பவர் என்றால் வாசல் காவலாளியை நினைத்துவிடக் கூடாது. தகவலை உள்ளே விடுகிறவரும் தடுக்கிறவரும்தான் அவர். இங்கே பர்ச்சேஸ் எழுத்தர். எந்த மூன்று கம்பெனியிடம் கொட்டேஷன் கேட்பது என்ற பட்டியல் அவர் மேசையில்தான் உருவாகும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவரின் இயந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

வாங்குபவர் பர்ச்சேஸ் மேனேஜர். ஆண்டு முடிவில் 'எவ்வளவு மிச்சம் பிடித்தாய்?' என்பதுதான் அவரிடம் வரும் கேள்வி. மின்சாரத்தில் மிச்சமானால் பெயர் மெயின்டனன்ஸுக்குப் போகும்; விலையில் குறைத்தால் அவருக்கு வரும். ஆகவே அவர் விலையிலேயே நிற்பதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். அவருடைய வேலை அப்படித்தான் அளக்கப்படுகிறது.

முடிவெடுப்பவர் நிர்வாக இயக்குநர் என்றே நான் நம்பியிருந்தேன். அறையில் தலையாட்டியவர் அவர், கைகுலுக்கியவரும் அவர். பிறகும் ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மேனேஜரிடம் வேறு மாதிரிக் கேட்டேன்: 'இதற்கு முன்னால் பெரிய இயந்திரம் வாங்கியபோது காசோலையில் கையெழுத்துப் போட்டது யார்?' பதில் உடனே வந்தது. பெரிய ஐயா. மில்லை ஆரம்பித்தவர், எண்பதைத் தாண்டியவர், ஆயுதபூஜைக்கு மட்டும் மில்லுக்கு வருகிறவர். பத்து லட்சத்துக்கு மேல் எதுவானாலும் அவர் பார்க்காமல் போகாது. குடும்பத் தொழில்களில் முடிவெடுப்பவர் பல நேரம் அமைப்பு வரைபடத்திலேயே இருப்பதில்லை. 'யார் முடிவெடுப்பார்?' என்று கேட்டால் எல்லோரும் 'நான்தான்' என்பார்கள். போன தடவை என்ன நடந்தது என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

## படி 3: பேச்சை நிறுத்தி அளந்து காட்டுங்கள்

இத்தனை பேரையும் ஒரே பேச்சால் சமாதானப்படுத்த முடியாது. ஆனால் அளந்த எண் ஒன்றை எல்லோரும் தங்கள் கோப்பில் வைத்துக்கொள்ள முடியும்.

முதலில் கசிவுச் சோதனை. மில் நிற்கும் விடுமுறை நாளில், காற்று பயன்படுத்தும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அழுத்தம் இறங்கும், கம்ப்ரசர் மறுபடி காற்றடைக்கும். காற்றடைக்கும் நேரத்தையும் சும்மா சுற்றும் நேரத்தையும் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பல சுற்றுக்கான சராசரியை எடுங்கள். அந்த மில்லில் 60 விநாடி காற்றடைத்தது, 180 விநாடி சும்மா சுற்றியது. மொத்தம் 240 விநாடியில் 60, அதாவது கால் பங்கு. 400 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 400 கன அடி காற்று தரும் இயந்திரத்தில் 100 சி.எஃப்.எம். குழாய் இணைப்புகளில் வீணாகிக்கொண்டிருந்தது.

இங்கே விற்பனையாளருக்கு ஒரு சோதனை வரும். வாயை மூடிக்கொண்டால் அதே பெரிய அளவு இயந்திரத்தை விற்கலாம். நான் சொல்லிவிட்டேன். கசிவை அடைத்து 40-க்குக் கொண்டுவந்தார்கள். மொத்தத் தேவை 340-இலிருந்து 280 சி.எஃப்.எம். ஆகக் குறைந்தது. 75 கிலோவாட் இயந்திரத்துக்குப் பதில் 55 கிலோவாட் போதும் என்றாகிவிட்டது. என் கம்பெனியில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். ஆனால் அதன் பிறகு மின்சார ஆலோசகர் என் தொலைபேசி அழைப்பை எடுக்க ஆரம்பித்தார்.

கசிவை அடைத்த பிறகும் பழைய இயந்திரம் மணிக்குச் சராசரியாக 65 யூனிட் எடுத்தது. அதே காற்றைப் புதியது 49 யூனிட்டில் தரும். வித்தியாசம் 16 யூனிட். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓட்டம், யூனிட் ஏழரை ரூபாய் என்று மில் கணக்காளரே சொன்னார். பெருக்கினால் ஆண்டுக்கு 9,60,000 ரூபாய். இயந்திரம் 14 லட்சம். ஒன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். யூனிட் விலையையும் ஓடும் மணி நேரத்தையும் நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் வாயால் வரவையுங்கள். விற்பவர் சொன்ன எண்ணை யாரும் கோப்பில் வைத்துத் தலைவலியை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

இதே கணக்கைக் கிரைண்டர் கடையில் போட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். வீட்டில் கிரைண்டர் வாரத்தில் சில மணி நேரம் ஓடும். அதன் மின்செலவு யாருக்கும் உறைக்காது. இந்த கம்ப்ரசரோ பத்து ஆண்டில் ஏறத்தாழ மூன்று கோடி ரூபாய் மின்சாரத்தைத் தின்னும். அதன் பக்கத்தில் 14 லட்சம் சிறிய தொகை. அந்தச் சிறிய தொகைக்குத்தான் பேரம் எல்லாம் நடக்கும். ஏன் என்பது மேலே பர்ச்சேஸ் மேனேஜரைப் பற்றிச் சொன்னதில் இருக்கிறது.

## படி 4: கொட்டேஷனை ஒப்பீட்டுப் பட்டியலுக்காக எழுதுங்கள்

உங்கள் கொட்டேஷனை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. பர்ச்சேஸ் எழுத்தர் அதிலிருந்து ஐந்தாறு எண்களை எடுத்து, மற்ற இரண்டின் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதுவார். மேலே போவது அந்தக் கட்டம்தான்.

கம்ப்ரசரில் இந்தக் கட்டம் எளிதில் பொய் சொல்லும். ஒருவர் 7 பார் அழுத்தத்தில் வரும் காற்றின் அளவை எழுதியிருப்பார், இன்னொருவர் 8 பாரில். ஒரு பார் கூடினால் மின்சாரம் சுமார் 6, 7 சதவீதம் கூடும். இரண்டையும் ஒரே வரியில் வைப்பதே தவறு. ஒருவர் மோட்டாரின் கிலோவாட்டை மட்டும் எழுதுவார், இன்னொருவர் குளிர்விக்கும் விசிறியையும் சேர்த்து முழு இயந்திரம் எடுக்கும் மின்சாரத்தை எழுதுவார். நேர்மையாக எழுதியவர் கட்டத்தில் தோற்றுவிடுவார். கம்ப்ரசர் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 1217 முறைப்படி அளந்த காற்று, முழு இயந்திரத்தின் மின்சாரம், எந்த அழுத்தத்தில் என்ற மூன்றையும் எல்லோரிடமும் கேட்கச் சொல்லி, காலிக் கட்டம் ஒன்றை மேனேஜரிடம் கொட்டேஷனுக்கு முன்பே கொடுத்தேன். அதையே அவர் பர்ச்சேஸுக்கு அனுப்பினார். கட்டத்தை வரைந்தது யார் என்பது பெரும்பாலும் வென்றது யார் என்பதையும் சொல்லிவிடும்.

வரியை மறந்துவிடாதீர்கள். கடையில் வாங்குகிறவருக்கு ஜி.எஸ்.டி. விலையோடு சேர்ந்த செலவு. மில்லுக்கு அது, நூலுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவாகத் திரும்பும், அதனால் வரியில்லாத விலையைத்தான் ஒப்பிடுவார்கள். ஆனால் 14 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 2,52,000 ரூபாய். பருத்தி நூலுக்கு வரி 5 சதவீதம்தான், பஞ்சுக்குக் கட்டிய வரியும் அதில் கழிந்துவிடும். இயந்திரத்தின் வரி வரவு கரைய மாதக்கணக்காகும். வாங்கும் பொருளின் வரி விற்கும் பொருளின் வரியைவிடக் கூடுதல், அதாவது தலைகீழ் வரி அமைப்பு என்று காட்டி, மூலதனப் பொருட்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. கணக்காளர் இதைத்தான் யோசிக்கிறார் என்று தெரிந்ததும், வரித் தொகைக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கொடுத்தோம். விலையைத் தொடாமலே பேரம் முடிந்தது.

## படி 5: நீங்கள் கணக்குக்காகக் கேட்கப்படும் மூன்றாவது ஆளா என்று பாருங்கள்

கோப்பில் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பதற்காகவே சிலரைக் கேட்பார்கள். அதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. இரண்டு நாளில் விலை வேண்டும் என்பார்கள்; ஆனால் கம்ப்ரசர் அறையைப் பார்க்க விடமாட்டார்கள். கேட்கும் அளவுகள் வேறொரு கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும் எண்களோடு புள்ளி மாறாமல் பொருந்தும். தொழில்நுட்பக் கேள்வி ஒன்றுகூட வராது, 'கடைசி விலை என்ன?' என்பது மட்டும் இரண்டு தடவை வரும்.

அப்படித் தெரிந்தால் விலையைக் குறைக்காதீர்கள். உங்கள் குறைந்த விலை உங்கள் போட்டியாளரிடம் பேரம் பேசத்தான் பயன்படும். ஆட்டோகோனர் மேஸ்திரியையோ ஆபரேட்டரையோ பத்து நிமிடம் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால் இன்னும் கதவு திறந்திருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் முழு விலையைக் கொடுத்துவிட்டு அடுத்த மில்லுக்குப் போங்கள்.

## படி 6: ஒவ்வொருவருக்கும் அவரவர் காகிதம்

ஆகஸ்டில் தாளை மறுபடி எடுத்து, மூன்றாவது பத்தியைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். ஆபரேட்டருக்கு எச்சரிக்கைக் குறிகளின் பொருளைத் தமிழில் ஒரே பக்கமாக அச்சிட்டுக் கொடுத்தோம். பழைய மெக்கானிக்கை எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டு, ஃபில்டர் சுத்தம் செய்யும் மாதாந்திர வேலையை அவருக்கே ஒப்பந்தமாகக் கொடுக்க மேனேஜரை ஒப்புக்கொள்ள வைத்தோம். அன்றிலிருந்து தூசிப் பேச்சு நின்றது. பர்ச்சேஸ் மேனேஜருக்காக, விலையைக் குறைக்காமல் இரண்டு ஆண்டு உதிரிப் பாகங்களைச் சேர்த்தோம். தொகையாக எழுதிக் காட்ட அவருக்கும் ஒன்று கிடைத்தது.

பெரிய ஐயாவைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. 'பக்கத்தில் யார் வைத்திருக்கிறார்கள்?' என்றார். ஒட்டன்சத்திரம் பாதையில் ஒரு மில்லின் பெயரைச் சொன்னேன். அங்கேயே தொலைபேசியை எடுத்து அந்த மில் முதலாளியிடம் இரண்டு நிமிடம் பேசினார். அவ்வளவுதான். கொழுந்தியாள் வீட்டுக் கிரைண்டர் எனக்கு நினைவுக்கு வந்தது. நிறுவன வாங்கல் முழுக்க அறிவுக் கணக்கு என்று எழுதுகிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்குத் தேவைப்பட்டது, அவருக்குத் தேவைப்பட்டது தெரிந்த ஒரு குரல்.

பத்து நாளில் ஆர்டர் வந்தது. ஆயுதபூஜைக்கு இயந்திரத்தை ஓட்டிக் காட்டினோம். இரண்டு ஆண்டு கழித்து, இலவச உதிரிகள் தீர்ந்த மாதம், ஸ்டோர்ஸிலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். ஆயில் ஃபில்டருக்கு வேறு ஒருவர் முந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்கிறார், உங்கள் விலை என்ன என்றார். மேனேஜர், ஆலோசகர், பெரிய ஐயா யாருக்கும் அந்த அழைப்பு தெரியாது. எனக்கும் அவர் பெயர் தெரியவில்லை. புதிய தாளில் முதல் பெயராக எழுதிக்கொண்டேன்.